"அவருக்கு இருக்கிற அக்சஸையே எனக்கும் கொடுங்க சார்"

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு ஒரு மெயில். சப்ஜெக்டில் "அர்ஜென்ட்" என்பதைத் தவிர ஒன்றுமில்லை. உள்ளே ஒரே வரி: "சார், ஃபைனான்ஸ் ஃபோல்டருக்கு அக்சஸ் வேண்டும். எங்கள் டீம் சீனியருக்கு என்ன இருக்கிறதோ அதையே எனக்கும் போட்டுவிடுங்கள்." திங்கள் காலை பத்து மணிக்கு அடுத்தது: "இன்னும் வரவில்லையே சார்?" இந்த முறை அவருடைய மேலாளர் நகலில் இருக்கிறார், என் மேலாளரும் இருக்கிறார்.

ஒரு கம்பெனியின் ஐ.டி. பிரிவில் ஃபைல் சர்வரையும் லாகின்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை. இந்த ஒரு வரி மெயில் விதவிதமான பெயர்களில் வந்துகொண்டே இருக்கிறது. நான் பதிலுக்குக் கேட்பதும் மாறுவதில்லை: எந்த ஃபோல்டர், எதற்கு, படிக்கவா மாற்றவா, யார் சம்மதம்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மெயில் போய் ஒரு மெயில் வருவதற்குள் பாதி வாரம் போய்விடும். அப்புறம் "ஐ.டி.காரர்கள் இழுத்தடிக்கிறார்கள்" என்று கேன்டீனில் பேச்சு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஃபோல்டர் எங்களுடையது அல்ல. சர்வர் எங்கள் பொறுப்பு, பேக்கப் எங்கள் பொறுப்பு, வட்டு நிறைந்தால் திட்டு வாங்குவதும் நாங்கள்தான். ஆனால் உள்ளே இருக்கும் சம்பளப் பட்டியலையும் கொள்முதல் பில்லையும் யார் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை எங்களுக்கு இல்லை. அது அந்தத் தகவலுக்குப் பொறுப்பான பிரிவுத் தலைவருடையது. என் கையில் இருப்பது சாவிக்கொத்து மட்டும்தான், வீட்டுக்காரர் வேறு ஒருவர். "நீங்கள் நினைத்தால் கொடுத்துவிடலாமே" என்கிறார்கள். தொழில்நுட்ப ரீதியில் முடியும், ஒரு நிமிட வேலைதான். அவ்வளவு சுலபமாகச் செய்ய முடிகிறது என்பதால்தான் நானாகச் செய்யக் கூடாது என்று விதி. நாளைக்கு ஆடிட்டர் வந்து "இவருக்கு இந்த அனுமதி யார் சொல்லித் தரப்பட்டது?" என்று கேட்டால், நான் எடுத்துக் காட்ட ஒரு மெயில் வேண்டும். "பாவம், அவசரம் என்றார்" என்பதை அவர் எழுதிக்கொள்வார்தான், ஆனால் வேறு தலைப்பின் கீழ்.

அடுத்தது, என்னை அதிகம் எரிச்சலூட்டும் வாக்கியம்: "அவருக்கு இருக்கிறதையே எனக்கும்." கேட்பவருக்கு இது மிகத் துல்லியமான கோரிக்கையாகத் தெரிகிறது. இதைவிட மங்கலான கோரிக்கை கிடையாது. அந்த சீனியர் பல வருடமாக இங்கே இருப்பவர். முதலில் ஸ்டோர்ஸ், பிறகு கொள்முதல், நடுவில் ஒருவர் நீண்ட விடுப்பில் போனபோது சம்பளக் கணக்கு, இப்போது வரிப் பிரிவு. போன இடமெல்லாம் ஒரு அனுமதி சேர்ந்தது. எங்கேயும் பழையதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. இப்போது அவருடைய லாகின் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறது என்று பார்த்தால் பட்டியல் திரையைத் தாண்டி ஓடுகிறது. அவரிடம் கேட்டால் அவருக்கே அதில் பாதி தெரியாது. அதை அப்படியே நகலெடுத்து, சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவருக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? பில் பார்க்க வந்தவர் சம்பளத்தையும் பார்க்கலாம். ஸ்டோர்ஸ் இருப்புப் பட்டியலைத் திருத்தலாம். அவர் செய்வார் என்று சொல்லவில்லை. ஆனால் ஏதாவது ஒரு கோப்பு காணாமல் போனால் முதலில் விசாரிக்கப்படுவோர் பட்டியலில் அவர் பெயரும் இருக்கும். தனக்கே தெரியாமல் கேட்டு வாங்கிய வம்பு அது.

ஆகவே ஆளைக் காட்டாதீர்கள், வேலையைக் காட்டுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மெயிலுக்கே வருகிறேன். போன் செய்து பேசியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் 2024-25 நிதியாண்டின் ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்கு வேலையில் இருக்கிறார். ஜிஎஸ்டிஆர்-9 படிவத்துக்கு வழக்கமான கடைசித் தேதி டிசம்பர் 31. கொள்முதல் பதிவேட்டை, சப்ளையர்கள் தாக்கல் செய்ததை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி-யுடன் ஒப்பிடும்போது சில பில்கள் பொருந்தவில்லை. அந்த பில்களின் ஸ்கேன் பிரதியைத் திறந்து எண்ணையும் வரித்தொகையையும் சரிபார்க்க வேண்டும். அவ்வளவுதான். அவர் "ஃபைனான்ஸ் ஃபோல்டர்" என்று சொன்ன `Accounts` முழுவதும் அவருக்குத் தேவையே இல்லை. அதற்குள் மூன்று அடுக்கு கீழே இருக்கும் ஒரே ஒரு ஃபோல்டர் போதும், அதுவும் படிக்க மட்டும். மேல் ஃபோல்டருக்கு அனுமதி கொடுத்தால், தனியாகத் தடுத்து வைத்திருந்தால் ஒழிய, அது கீழே உள்ள எல்லாவற்றுக்கும் இறங்கும். அதனால்தான் எந்த அடுக்கு என்று நச்சரிக்கிறோம்.

அவர் எழுதியிருக்க வேண்டிய மெயில் இது. பெறுநர் இடத்தில் கணக்குப் பிரிவு மேலாளர், நகலில் ஐ.டி. ஹெல்ப்டெஸ்க். வரிசை மாறக் கூடாது, காரணம் பிறகு சொல்கிறேன்.

"பொருள்: அனுமதி வேண்டி – 2024-25 கொள்முதல் பில் ஃபோல்டர், படிக்க மட்டும், டிசம்பர் 31 வரை

வணக்கம் மேடம். 2024-25க்கான ஜிஎஸ்டிஆர்-9 வேலையில், 2பி-யுடன் பொருந்தாத கொள்முதல் பில்களைச் சரிபார்த்து வருகிறேன். அவற்றின் ஸ்கேன் பிரதிகளைத் திறந்து பார்க்கக் கீழே உள்ள ஃபோல்டருக்கு அனுமதி தேவைப்படுகிறது.

`\\fs02\Accounts\Purchase\Bills\2024-25`

படிக்க முடிந்தால் போதும், எதையும் மாற்றவோ சேர்க்கவோ வேண்டியதில்லை. டிசம்பர் 31க்குப் பிறகு அனுமதியை எடுத்துவிடலாம். என் லாகின் பெயர் கையொப்பத்தின் கீழே இருக்கிறது. இந்த ஃபோல்டருக்கு ஒப்புதல் தர வேண்டியவர் நீங்கள் என்று ஹெல்ப்டெஸ்க்கில் சொன்னார்கள். உங்களுக்குச் சம்மதம் என்றால் 'ரிப்ளை ஆல்' கொடுத்து 'ஒப்புதல்' என்று எழுதினால் போதும். ஐ.டி.யினர் நகலில் இருக்கிறார்கள்."

எழுத ஐந்து நிமிடம் ஆகுமா? மேலாளர் ஒரு சொல்லில் பதில் போடுவார், அதே மெயில் தொடரில் எனக்கு எல்லாம் வந்துவிடும். நான் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

ஃபோல்டரின் முழு முகவரியை எழுதச் சொன்னால் பலர் "Z டிரைவில் இருக்கிறது சார்" என்கிறார்கள். உங்கள் Z வேறு, பக்கத்து இருக்கைக்காரரின் Z வேறு. அந்த எழுத்து உங்கள் கணினியில் ஒட்டிய ஒரு சீட்டு, அவ்வளவே. அது எந்த சர்வரைச் சுட்டுகிறது என்று பார்க்க, ஏற்கனவே அந்த டிரைவ் வைத்திருப்பவரின் கணினியில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து இதை அடிக்கச் சொல்லுங்கள்:

```
net use
```

Z: என்ற வரியில் `\\` என்று தொடங்கும் முகவரி வரும். அதனுடன் உள்ளே இருக்கும் ஃபோல்டர் பெயர்களைச் சேர்த்துவிட்டால் முழு முகவரி கிடைத்துவிடும். ஸ்க்ரீன்ஷாட் அனுப்புவதென்றால், "அனுமதி இல்லை" என்று வரும் பெட்டியை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள். மேலே முகவரிப் பட்டையும் தெரியட்டும்.

படிக்க மட்டும் கேட்பதில் சிலருக்கு ஒரு கௌரவக் குறைச்சல். எதற்கும் இருக்கட்டும் என்று முழு அனுமதி கேட்பார்கள். பகிர்ந்த ஃபோல்டர்களில் கோப்பு "காணாமல் போய்விட்டது" என்று வரும் புகார்களைத் துருவிப் பார்த்தால், பெரும்பாலும் யாரோ மவுஸை அழுத்திய கையோடு இழுத்து, ஒரு ஃபோல்டரைப் பக்கத்து ஃபோல்டருக்குள் போட்டிருப்பார். செய்தவருக்கே தெரியாது. படிக்க மட்டும் அனுமதி இருந்தால் அந்த விபத்தே நடக்காது. அதோடு, சர்வரில் இருக்கும் கோப்பை அழித்தால் அது உங்கள் கணினியின் ரீசைக்கிள் பின்னில் விழாது. பேக்கப்பிலிருந்து எடுத்தாக வேண்டும், அதற்கும் எனக்குத்தான் மெயில் வரும்.

இப்போது ஒப்புதல் விஷயம். "மேலாளரை நகலில் வைத்திருக்கிறேனே, அவர் மறுக்கவில்லையே" என்பது நான் அடிக்கடி கேட்கும் வாதம். நகலில் இருப்பது சம்மதம் ஆகாது. அவர் அந்த மெயிலைத் திறக்காமலே இருக்கலாம், விடுமுறையில் திருநெல்வேலியில் இருக்கலாம். யார் முடிவு செய்ய வேண்டுமோ அவரை நேராகக் கேளுங்கள், அவர் பெயர் பெறுநர் இடத்தில் இருக்கட்டும். மேலே வரிசை முக்கியம் என்றது இதற்குத்தான்.

இன்னொன்று, உங்கள் மேலாளரும் ஃபோல்டருக்குப் பொறுப்பானவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை. வரிப் பிரிவில் இருப்பவர் கொள்முதல் பில்லைக் கேட்டால், உங்கள் மேலாளர் "இந்த வேலை இவருக்கு உண்டு" என்று சொல்லலாம். பில்லைக் காட்டலாமா என்பதை அந்தப் பக்கத்து மேலாளர்தான் சொல்ல வேண்டும். யார் என்று தெரியவில்லையா? ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் `Owner` என்று இருக்கும் பெயரைப் பார்த்து மெயில் போடாதீர்கள். அது பெரும்பாலும் ஃபோல்டரை உருவாக்கியவர் பெயராகவோ, வெறுமனே `Administrators` என்றோ இருக்கும். எப்போதோ வேலையை விட்டுப் போனவருக்கு அனுமதி கேட்டு எழுதியவர்கள் உண்டு. எங்களிடம் பட்டியல் இருக்கிறது. "இந்த ஃபோல்டருக்கு யாரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும்?" என்று ஒரு வரி கேளுங்கள். இந்த ஒரு வரி மெயிலுக்கு மட்டும் நான் கோபப்பட மாட்டேன்.

ஃபோல்டருக்குச் சொன்னதெல்லாம் ஈஆர்பி போன்ற சிஸ்டங்களுக்கும் பொருந்தும். முகவரிக்குப் பதில் எந்தத் திரை, அதில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். சப்ளையர் பெயரைப் புதிதாகச் சேர்ப்பதும் அவருக்குப் பணம் அனுப்புவதும் ஒரே லாகினில் வேண்டும் என்று கேட்டால், மேலாளரே ஒப்புதல் தந்தாலும் நான் நிறுத்தி வைத்துக் கேட்பேன். ஒரே ஆள் போலி சப்ளையரை உருவாக்கி அவருக்கே பணமும் அனுப்ப முடியக் கூடாது என்பதற்காகத்தான் அந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

ஒப்புதல் வந்து, நானும் போட்டுவிட்டேன் என்று பதில் அனுப்பிய பிறகும் "இன்னும் திறக்கவில்லை" என்று வரும். உங்களை ஒரு குழுவில் சேர்ப்பதன் மூலம்தான் நாங்கள் அனுமதி தருகிறோம். நீங்கள் எந்தெந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்பதை விண்டோஸ் நீங்கள் லாகின் செய்யும் நேரத்தில்தான் குறித்துக்கொள்கிறது. ஆகவே ஒருமுறை முழுதாக சைன் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். மடிக்கணினியை மூடித் திறப்பது கணக்கில் சேராது.

அதுவரை பொறுக்க முடியாமல் சீனியரின் பாஸ்வேர்டை வாங்கி உள்ளே போகாதீர்கள், தயவுசெய்து. நீங்கள் எதைத் தொட்டாலும் பதிவில் அவர் பெயர்தான் விழும். அவசரம் உண்மையானதாக இருந்தால் மேலாளரைப் போனில் பிடித்து, ஒற்றை வரி ஒப்புதல் மெயிலைக் கைபேசியிலிருந்தே அனுப்பச் சொல்லுங்கள். அது என் பெட்டியில் விழுந்த சில நிமிடங்களில் உங்கள் ஃபோல்டர் தயாராகிவிடும், வெள்ளிக்கிழமை ஐந்தரை மணியானாலும்.