இளநீர்க் குழலும் இரவுக் குறட்டையும்

ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்து என் தங்கை கடலூர் முதுநகருக்கு வந்தாள். சளியோ காய்ச்சலோ இல்லை. ஆனாலும் இரண்டு மாதமாக மூக்கடைப்பு. ஒருநாள் காலை மூக்கிலிருந்து ரத்தமும் வந்தது. இரவிலோ, கல்யாணத்துக்கு முன் கேட்டறியாத குறட்டை.

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். கர்ப்ப காலத்தில் உடலின் ரத்த அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. ஹார்மோன்களால் மூக்கின் உட்சவ்வு ரத்தம் நிறைந்து வீங்குகிறது. மூக்கின் நடுச்சுவரில், முன்பக்கம் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பின்னிக்கிடக்கும் இடம் ஒன்று உண்டு. பெரும்பாலும் அங்கேதான் கசியும். பாட்டி சொன்னபடி தலையை அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். நிமிர்ந்து உட்கார்ந்து, சற்று முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து, பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். இடையில் திறந்து பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அரை மணி நேரமாகியும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குறட்டையைப் புரிந்துகொள்ள ஓர் இளநீர் போதும். காகிதக் குழலின் அடிமுனையை வழுக்கை அடைத்திருக்கும்போது பலமாக உறிஞ்சினால், ஊறிய குழல் நடுவில் ஒட்டிக்கொள்ளும். அடைபட்ட முனை மூக்கு, உறிஞ்சும் வாய் நுரையீரல், ஒட்டிக்கொள்ளும் நடுப்பகுதி தொண்டை. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்திருக்கும். பாதி ஒட்டினால் சதை அதிர்ந்து குறட்டையாகிறது. முழுவதும் ஒட்டினால் மூச்சே நின்றுவிடும்.

என் தங்கைக்கு நடந்தது இந்த இரண்டாவதுதான். "அசதியில் தூங்குகிறாள்" என்றிருந்த அம்மாவை ஓர் இரவு எழுப்பியது குறட்டையின் சத்தமல்ல, அதன் நிசப்தம். மார்பு ஏறி இறங்கியது, காற்று மட்டும் வரவில்லை. அம்மா பதினைந்து எண்ணியபோது தங்கை திணறி மூச்சிழுத்தாள். மீண்டும் குறட்டை, மீண்டும் நிசப்தம். பத்து விநாடிக்கு மேல் காற்று நின்றாலே அது மூச்சுத்தடை. மணிக்குச் சராசரியாக ஐந்து அல்லது அதற்கு மேல் நேர்ந்தால் அது நோய்க் கணக்கில் சேரும். ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் குறைய, மூளை பதறி எழுப்ப, ரத்த அழுத்தம் எகிறுகிறது. கர்ப்பகால ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் இத்தகையவர்களிடம் அதிகம் காணப்படுகின்றன.

காலைத் தலைவலியையும் பகல் தூக்கத்தையும் அதுவரை நாங்கள் கர்ப்பத்தின் கணக்கில் எழுதியிருந்தோம். அம்மா சொன்னதைக் கேட்ட மருத்துவர் முதலில் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார், கூடியிருந்தது. புதுச்சேரியில் தூக்கப் பரிசோதனை செய்து, முகமூடி வழியே காற்றை மெல்ல அழுத்தித் தொண்டையைத் திறந்துவைக்கும் கருவியைக் கொடுத்தார்கள். ஒருக்களித்துப் படுக்கவும், மூக்கை உப்புநீரால் கழுவவும் சொன்னார்கள். கடையில் வாங்கிய மூக்குச் சொட்டுமருந்தை நிறுத்தச் சொன்னார்கள். நாள்கணக்கில் மூக்கில் விட்டுக்கொண்டிருந்தால் வீக்கத்தை அதுவே திருப்பிக் கொண்டுவருமாம்.

பிரசவமாகி இரண்டு வாரத்துக்குள் மூக்கு திறந்துகொண்டது. தொண்டையை அப்படி நம்பிவிட முடியாது என்று, மூன்று மாதம் கழித்து மறுபடியும் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.