சராசரி பத்துதான், முதல் நிமிடத்தில் எழுநூறு

ஒவ்வொரு செய்திக்கும் ஒரு டோக்கன் எடுத்து, சீரான வேகத்தில் டோக்கனை நிரப்பிக்கொண்டே இருக்கும் டோக்கன் பக்கெட்டைப் போட்டால் திடீர் நெரிசலுக்கு வழிவிடும், சராசரி வேகத்தையும் காப்பாற்றும் என்று டெவலப்பர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் எவ்வளவு நேரத்துக்குக் கணக்குப் பார்த்த சராசரி என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பால் சங்கங்களுக்கு மென்பொருள் எழுதும் தம்பி ஒருவர் இதைக் கொண்டுவந்தார். காலையில் பால் அளந்து முடிந்ததும் சங்கங்கள் கணக்கை ஏற்றும். உடனே லிட்டர், கொழுப்பு, தொகை எல்லாம் மாட்டுக்காரர்களுக்கு எஸ்எம்எஸ்ஸாகப் போகவேண்டும். ஒரே நேரத்தில் 900 செய்திகள் வந்து நிற்கும். எஸ்எம்எஸ் கேட்வே எந்த 60 விநாடியை எடுத்தாலும் 600-க்கு மேல் வாங்காது. அதனால் விநாடிக்கு 10 டோக்கன், பக்கெட் கொள்ளளவு 100 என்று வைத்திருந்தார்.

"ஏனுங்ணா, பத்தை அறுபதால பெருக்கினா அறுநூறுதானே? அப்புறம் எதுக்கு அளவு மீறிடுச்சுன்னு 429 வருது?"

பக்கெட்டின் வேலை இவ்வளவுதான். இதில் b கொள்ளளவு, r விநாடிக்கு நிரம்பும் டோக்கன்:

```
tokens = min(b, tokens + (now - last) * r)
last = now
if tokens >= 1:
    tokens -= 1
    send()
```

ராத்திரி முழுக்கச் செய்தி இல்லாததால் பக்கெட் நிரம்பிக் கிடக்கிறது. கணக்கு ஏறியதும் 100 செய்திகள் ஒரே மூச்சில் போய்விடும், பிறகு விநாடிக்குப் பத்து. 50-வது விநாடியிலேயே 600 ஆகிவிடுகிறது. மீதிப் பத்து விநாடியில் போகிற 100 செய்திகளைக் கேட்வே திருப்பி அனுப்புகிறது. அதாவது t விநாடிகளில் அதிகபட்சம் `b + r × t` போகலாம். ஒரு மணி நேரத்துக்கு அந்த 100 ஒரு பொருட்டே இல்லை. ஒரு நிமிடத்துக்கு அது ஆறில் ஒரு பங்கு.

லாகைப் பார்த்தாலே பிடித்துவிடலாம். ரொம்ப நேரம் அமைதி, அப்புறம் நெரிசல், அதன் முதல் நிமிடக் கடைசியில் மட்டும் 429 கொத்தாக வந்திருக்கும். சோதனை ஓட்டத்தில் இது தப்பிப்போனதற்குக் காரணம் உண்டு. அங்கே நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருந்ததால், பக்கெட் நிரம்பவே இல்லை.

அதனால் `b + 60 × r` 600-ஐத் தாண்டாதபடி எண்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொள்ளளவு 100 என்றே வைத்து வேகத்தை 8 ஆக்கினால், எந்த நிமிடத்திலும் 580-க்கு மேல் போகாது. 900 செய்திகளும் போய்ச்சேர 80 விநாடிக்குப் பதில் 100 விநாடி ஆகும். பால் கணக்குக்கு அது பாதகமில்லை. கொள்ளளவைக் குறைத்து வேகத்தைக் கூட்டவும் செய்யலாம். ஆனால் முதலில் வரும் சங்கத்துக்குப் பட்டென்று செய்தி போகவேண்டும் என்றால் நான் கொள்ளளவில் கை வைக்க மாட்டேன்.

இந்தக் கணக்கெல்லாம் ஒரே பக்கெட்டுக்குத்தான். இரண்டு சர்வர் தனித்தனிப் பக்கெட்டோடு ஓடினால் 580 என்பது 1160 ஆகிவிடும். அப்போது எண்ணிக்கையைப் பொது இடத்தில், உதாரணத்துக்கு ரெடிஸில், வைத்துக்கொள்ளுங்கள். சர்வரை மறுதொடக்கம் செய்தால் பக்கெட் நிரம்பிய நிலையிலேயே எழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நெரிசலுக்கு நடுவே அப்படி எழுந்தால் இன்னொரு 100 சேர்ந்துபோகும்.