கப்பல் எந்தக் கடலில் இருக்கிறது?

இந்தியாவை அழைக்க +91, இலங்கைக்கு +94. மும்பையிலிருந்து ராட்டர்டாம் போகும் சரக்குக் கப்பலை நடுக்கடலில் அழைக்க வேண்டுமென்றால்? அதில் பனாமா கொடி பறக்கலாம்; ஆனால் அதன் தொலைபேசி பனாமாவின் கோபுரம் எதையும் தொடுவதில்லை. ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளோடுதான் பேசுகிறது. இத்தகைய சேவைகளுக்கென்றே பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் சில குறியீடுகளைத் தனியே ஒதுக்கியிருக்கிறது.

கப்பல்களுக்கான இன்மார்சாட் சேவையில் முன்பு கடலுக்கொரு குறியீடு இருந்தது: கிழக்கு அட்லாண்டிக்குக்கு 871, பசிபிக்குக்கு 872, இந்தியப் பெருங்கடலுக்கு 873, மேற்கு அட்லாண்டிக்குக்கு 874. கப்பலின் எண் மாறாது, முன்னால் வரும் குறியீடு மட்டும் மாறும். அரபிக் கடலில் இருக்கும்வரை 873 போதும். சூயஸைத் தாண்டி மத்தியதரைக் கடலுக்குள் நுழைந்தால்தான் சிக்கல். அங்கிருந்து இந்தியப் பெருங்கடலுக்கான செயற்கைக்கோளும் தெரியும், கிழக்கு அட்லாண்டிக்குக்கான செயற்கைக்கோளும் தெரியும். கப்பலின் ஆன்டெனா எதை நோக்கித் திரும்பியிருக்கிறதோ அந்தக் குறியீட்டில்தான் மணி அடிக்கும். கரையில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? 873 கிடைக்கவில்லை என்றால் 871 போட்டுப் பார்க்க வேண்டியதுதான். கப்பலைத் தேடும் வேலையை அழைப்பவர் தலையில் கட்டிய ஏற்பாடு இது.

+870 என்ற ஒற்றைக் குறியீடு அந்த வேலையை வலையமைப்பிடம் ஒப்படைத்தது. கப்பல் இப்போது எந்தக் கோளின் கீழ் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, அழைப்பை அந்த வழியே திருப்பிவிடுகிறார்கள். பழைய நான்கு குறியீடுகளும் 2008 இறுதியோடு ஓய்வு பெற்றன.

மற்ற குறியீடுகளைப் பல நிறுவனங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. +881 கண்டதும் தொலைபேசி நிலையம் முடிவெடுத்துவிட முடியாது. அடுத்த இலக்கம் 6 அல்லது 7 என்றால் இரிடியம். 8 அல்லது 9 என்றால் குளோபல்ஸ்டார். +882இல் இன்னும் இரண்டு இலக்கங்கள் படிக்க வேண்டும்: 16 என்றால் துராயா. நிறுவனத்துக்கு நிறுவனம் கட்டணமும் வேறுபடும். சாதாரண வெளிநாட்டு அழைப்பைவிடப் பல மடங்கு ஆகலாம்.

மோசடிக்காரர்களுக்கு இந்தக் கட்டணம் வசதியாகப் போய்விட்டது. ஒரே மணியில் துண்டிக்கப்படும் மிஸ்டு கால் வரும். திருப்பி அழைத்தால் அந்தப் பணத்தில் ஒரு பங்கு அவர்களுக்கு. வங்கதேசத்தின் +880க்குப் பக்கத்திலேயே +881, +882 இருப்பதால், அவசரத்தில் அதுவும் ஏதோ ஒரு நாடு என்றே தோன்றும். திரையில் அந்த எண் வந்து, செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருக்கும் யாரையும் உங்களுக்குத் தெரியாதென்றால், திருப்பி அழைக்காதீர்கள்.

உண்மையிலேயே இரிடியம் தொலைபேசியை அழைக்க வேண்டியவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள ஒரு சாதாரண +1 எண்ணை முதலில் அழைத்து, பிறகு செயற்கைக்கோள் எண்ணை அழுத்தலாம். அழைப்பவருக்கு அமெரிக்க அழைப்புக்கான கட்டணம்தான். விண்வெளிப் பயணத்தின் செலவு மறுமுனையில் எடுப்பவருடையது.