அறை வாடகையைக் காட்டி கிளெய்மை வெட்டினால்

கொழும்பில் இருக்கும் எங்களில் பலருக்குச் சென்னையில் அக்காவோ சித்தப்பாவோ இருக்கிறார்கள். அவர்களுடைய மருத்துவக் காப்புறுதி இந்தியப் பொலிசி. யாராவது வைத்தியசாலையில் சேர்ந்தால் பில்லும் கடிதமும் வாட்ஸ்அப்பில் வெள்ளவத்தைக்கு வந்துவிடும். எங்கள் அத்தான் இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோதும் அப்படித்தான் வந்தது. அக்கா அழாக்குறையாகச் சொன்னா: "தம்பி, பெரிய அறை எடுத்தது எங்கட பிழையாம். அதுக்குத்தான் வெட்டினவையாம்."

பிழை கொஞ்சம் இருந்தது. ஆனால் வெட்டியது அதைவிடப் பல மடங்கு.

கணக்கைப் பாருங்கள். பொலிசித் தொகை 5 லட்சம் இந்திய ரூபாய். அறை வாடகைக்கு அதில் 1%, அதாவது நாளைக்கு 5,000 ரூபாய்தான் வரம்பு. அத்தான் இருந்த அறை 8,000 ரூபாய், நான்கு நாள். மொத்த பில் 2,70,000. அதில் அறைக்கு 32,000, சத்திரசிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், தியேட்டர் ஆகியவற்றுக்கு 80,000, உள்ளே வைத்த இம்பிளான்ட் 90,000, மருந்து 46,000, பரிசோதனைகள் 22,000. கம்பெனி 5,000-ஐ 8,000-ஆல் பிரித்து, வந்த 62.5 சதவீதத்தை மொத்த பில்லிலும் போட்டது. கொடுத்தது 1,68,750 ரூபாய்.

இதற்குப் பெயர் விகிதாசாரக் கழிவு. அறை உயர்ந்தால் டொக்டர் கட்டணமும் தியேட்டர் கட்டணமும் பல இடங்களில் உயரும் என்பதுதான் இதற்கான காரணம். அது நியாயம்தான். ஆனால் இம்பிளான்ட்டின் விலை அறையைப் பார்த்து ஏறுவதில்லை, மருந்து விலையும் அப்படித்தான். இதனால்தான் இந்தியக் காப்புறுதி ஒழுங்குமுறை அமைப்பான ஐஆர்டிஏஐ 2020 ஜூனில் ஓர் எல்லை போட்டது. மருந்து, ஒருமுறைப் பாவனைப் பொருட்கள், இம்பிளான்ட், மருத்துவக் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் இந்தக் கழிவைப் போடக்கூடாது. ஐசியு கட்டணத்திலும் கூடாது. அறைக்கு அறை கட்டணத்தை மாற்றாத வைத்தியசாலை என்றால் டொக்டர் கட்டணத்திலும் கூடாது. இந்த விதிக்குப் பிறகு வந்த பொலிசிகளில் இது ஒரு நிபந்தனையாகவே எழுதப்பட்டிருக்கும். முறைப்பாட்டில் அந்தப் பக்கத்தைத்தான் காட்ட வேண்டும்.

அந்தக் கணக்குப்படி மருந்து, இம்பிளான்ட், பரிசோதனை மூன்றும் சேர்ந்த 1,58,000 முழுதாக வர வேண்டும். அறைக்கு 20,000. டொக்டர், தியேட்டர் பகுதியில் 62.5% என்றால் 50,000. ஆக 2,28,000. இதுவே 59,250 ரூபாய் வித்தியாசம்.

வெட்டு பிழையா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. கிளெய்முக்குக் கம்பெனி அனுப்பும் தீர்வுக் கடிதத்தில் ஒவ்வொரு வரியிலும் கொடுத்த தொகையைக் கேட்ட தொகையால் பிரித்துப் பாருங்கள். எல்லா வரியிலும் ஒரே விகிதம் வந்தால், பில்லைப் பிரித்துப் பார்க்காமலே வெட்டியிருக்கிறார்கள். வரிவரியாகக் கணக்கு இல்லாத கடிதம் என்றால் முதலில் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் வைத்தியசாலையிடம் போக வேண்டும். பலர் விட்டுவிடும் படி இதுதான், மேலும் பணம் கிடைப்பதும் இங்கேதான். "5,000 ரூபாய் அறையில் இருந்திருந்தாலும் இந்தச் சத்திரசிகிச்சைக்கு இதே கட்டணம்தான்" என்று பில்லிங் பிரிவிடம் கடிதம் கேளுங்கள், அல்லது அறைவாரியான கட்டணப் பட்டியலை வாங்குங்கள். அத்தானுக்கு அந்தக் கடிதம் கிடைத்தது. அதனால் 80,000-மும் முழுதாக வர வேண்டியதாயிற்று. கழிய வேண்டியது அறையின் 12,000 மட்டும், கிடைக்க வேண்டியது 2,58,000. கட்டணம் அறைக்கு அறை மாறும் இடமாக இருந்திருந்தால் இந்தக் கடிதம் கிடைத்திராது. அந்த 30,000 வெட்டை ஏற்கத்தான் வேண்டும்.

இனி, கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு கம்பெனி போட்ட கணக்கையும் உங்கள் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, பொலிசிப் பக்கத்தையும் வைத்தியசாலைக் கடிதத்தையும் இணைத்து அனுப்புங்கள். கழிவு அநியாயம் என்று நீளமாக எழுதத் தேவையில்லை, எந்த வரியில் எவ்வளவு என்று இருந்தால் போதும். ஐஆர்டிஏஐயின் bimabharosa.irdai.gov.in தளத்திலும் அதையே பதியலாம். எங்களுக்கு மீதி 89,250 ரூபாய் இந்தப் படியிலேயே வந்தது.

வராவிட்டால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும், சென்னையில் உள்ள காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். கம்பெனி ஒரு மாதத்தில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ஒரு வருடத்துக்குள் முறையிட வேண்டும். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ஆனால் கொழும்பில் இருந்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பது நாங்களாக இருந்தாலும், கையெழுத்து நாங்கள் வைக்க முடியாது. பொலிசி யார் பெயரிலோ அவரே வைக்க வேண்டும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: இலங்கையில் எடுத்த பொலிசிக்கு ஐஆர்டிஏஐ விதி செல்லாது. இங்கே உங்கள் பொலிசியில் அறை வரம்பைப் பற்றி என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பேசும். விகிதாசாரக் கழிவு என்று ஒரு வரியும் அதில் இல்லையென்றால், எந்த நிபந்தனைப்படி வெட்டினீர்கள் என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் இலங்கைக் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ, கொழும்பு 1 உலக வர்த்தக மையத்தில் உள்ள காப்புறுதி ஒழுங்குமுறை ஆணைக்குழுவிடமோ அந்தக் கடிதத்தோடு போகலாம்.