டூத்பேஸ்டைக் கழுவவே பத்து நிமிடம் ஆனது

கத்திரி வெயில் நேரம், மதியம் இரண்டு மணி. வியாசர்பாடியில் என் கிளினிக்குக் கையில் டூத்பேஸ்டை அப்பிக்கொண்டு ஓர் அம்மா வந்தார். வடை தட்டிப் போடும்போது எண்ணெய் தெறித்து, வலது புறங்கையில் ஐந்து ரூபாய் நாணய அளவில் இரண்டு இடங்களில் சுட்டிருந்தது. "குழாயிலதான் கைய காட்டினேன் டாக்டர், தண்ணியே கொதிச்சுது. அதான் பேஸ்ட்டு வெச்சேன்" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். மே மாதம் மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீர் சுட்ட கைக்கு ஆகாது. அப்போது வீட்டுக்குள் இருக்கும் கேன் தண்ணீரையோ குடத்துத் தண்ணீரையோ சொம்பில் மொண்டு மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். ஐஸ் மட்டும் வேண்டாம், அது வெந்த தோலை இன்னும் கெடுக்கும்.

அப்படி 20 நிமிடம் ஊற்ற வேண்டும். எண்ணெய் போன பிறகும் தோலுக்குள் இறங்கிய சூடு கொஞ்ச நேரம் உள்ளே வேக வைத்துக்கொண்டே இருக்கும். பேஸ்ட், மஞ்சள், இங்க், மாவு எதைப் பூசினாலும் அந்தச் சூடு வெளியேறாது. காயத்தின் நிறமும் மறைந்துவிடும். எனக்கு ஆழம் தெரிவது அந்த நிறத்தை வைத்துத்தான். சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் தண்ணீர் ஊற்றினாலும் பலன் உண்டு. அதனால் பேஸ்டைக் கழுவிவிட்டு, அந்த அம்மாவின் கைக்கு கிளினிக்கிலேயே தண்ணீர் ஊற்றினோம்.

அதற்குள் விரல் வீங்கி மோதிரம் இறுகியிருந்தது. சோப்பு தடவித்தான் கழற்ற முடிந்தது. வளையல், மோதிரத்தைத் தண்ணீர் ஊற்றும்போதே கழற்றிவிட வேண்டும்.

ஒரு இடம் சிவந்ததோடு நின்றது, இன்னொன்றில் கொப்புளம். கொப்புளத்தை உடைக்கவில்லை. ஒட்டாத கட்டு போட்டு, வலிக்குப் பாராசிட்டமால் கொடுத்தேன். டி.டி. ஊசி போட்டுப் பல வருடம் ஆகியிருந்ததால் அதையும் போட்டேன். பன்னிரண்டாம் நாள் தோல் மூடிவிட்டது.

கொப்புளம் இல்லாத சின்னச் சிவப்புக்கு வீட்டு வைத்தியமாக இந்தத் தண்ணீரே போதும். சுட்ட இடம் அவரவர் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பில் கொப்புளம் வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். குழந்தைகள், வயதானவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் என்றால் சிறிய காயத்தையும் காட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து சிவப்பு பரவினாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ, இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலோ காத்திருக்க வேண்டாம்.

எனக்கு அதிகம் பயம் தருவது வலிக்காத காயம். தோல் வெள்ளையாகவோ கருகியோ போய், தொட்டால் உணர்வே இல்லை என்றால் நரம்பு முனை வரை வெந்திருக்கிறது. "வலியே இல்ல டாக்டர்" என்று நிம்மதியாக வருகிறவர்களைத்தான் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கு உடனே அனுப்புகிறேன்.