ஆக்ட்ராய்: நுழைவு வரியா, நகர்ச் சுங்கமா?

சென்னையில் தங்கம் ஒரு விலை, மும்பையில் வேறு விலை. ஏன் என்று விளக்க வரும் செய்திகளில் ‘ஊருக்கு ஊர் நுழைவு வரி மாறுவதால்’ என்ற வரி தவறாமல் வந்துவிடுகிறது. நகர எல்லைக்குள் வரும் சரக்குக்கு வாங்கிய வரியான ஆக்ட்ராயைத்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள்.

ஆக்ட்ராய் பிரெஞ்சுச் சொல். ‘அளித்தல்’ என்று பொருள். வரி வசூலிக்க ஊருக்கு அரசர் அளித்த உரிமை, நாளடைவில் அந்த வரிக்கே பெயரானது. மராத்தியில் ஜகாத், இந்தியில் சுங்கி.

நுழைவு வரி என்பதில் எனக்கு என்ன சிக்கல்? தமிழ்நாட்டில் அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொன்றுக்குப் போய்விட்டது. வெளியிலிருந்து கொண்டுவரும் வாகனங்களுக்கு 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில அரசு விதித்தது நுழைவு வரி. ஆக்ட்ராயோ மாநகராட்சி தன் எல்லையில் நாக்கா என்ற சோதனைச் சாவடி போட்டு, தன் கஜானாவுக்கு வாங்கியது. தூய தமிழ்ச் சொல் வேண்டும் என்று சிலர் ‘உல்கு’ என்கிறார்கள். குறளில் இருக்கும் அழகான சொல்தான். ஆனால் சுங்கம், உல்கு இரண்டையுமே ‘சுல்க’ என்ற வடசொல்லோடு இணைத்துக் காட்டுவோர் உண்டு. தூய்மை வாதம் அங்கே வலுவிழக்கிறது. வெறும் சுங்கவரி என்றால் இன்று துறைமுகமும் விமான நிலையமும்தான் நினைவுக்கு வரும். ஆகவே நகர்ச் சுங்கம். யார் வாங்குவது என்பது பெயரிலேயே இருக்கிறது.

சரி, பெயரைத் திருத்தினாலும் அந்த விளக்கம் தேறாது. மும்பையின் நகர்ச் சுங்கம் 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததும் போய்விட்டது. அதற்குமுன் மாநிலத்துக்கு மாநிலம் வாட் வரியும் மாறியது. இப்போது தங்கத்துக்கு எங்கும் 3 சதவீதம்தான். பழைய ஆங்கிலக் குறிப்பை அப்படியே பெயர்ப்பவர்கள், செத்த வரியை இன்னும் வசூலித்துக்கொண்டிருக்கிறார்கள்!

மிஞ்சுவது போக்குவரத்துச் செலவு. தங்கத்துக்கு எடை குறைவு, மதிப்பு அதிகம்; அதனால் வண்டி வாடகையைவிடக் காவலும் காப்பீடும்தான் பெரிது. காப்பீடு மதிப்பைப் பொறுத்தது. காவல் வண்டியோ ஒரு கிலோ ஏற்றினாலும் பத்துக் கிலோ ஏற்றினாலும் ஓடியாக வேண்டும். மொத்தமாக இறக்கும் பெருநகரில் அது கிராமுக்குச் சில்லறையாகிறது. கொஞ்சமாக வாங்கும் சிற்றூரில் கூடுகிறது. அப்புறம், விலையை அந்தந்த ஊர் வியாபாரிகள் சங்கம் அறிவிப்பதால் உள்ளூர்த் தேவையும் போட்டியும் அதில் சேரும்.

இதெல்லாம் சிறு வேறுபாடுதான். கிராம் 10,000 ரூபாய் என்று வையுங்கள். இன்னொரு ஊரில் 10,300 என்று பார்த்தால் லாரியைக் குறை சொல்லாதீர்கள். ஒன்று ஜிஎஸ்டி சேராத விலை, மற்றது சேர்த்த விலையாக இருக்கலாம். 800, 900 ரூபாய் தள்ளியிருந்தால் ஒரு பக்கம் 22 காரட், மறுபக்கம் 24 காரட்டா என்று பாருங்கள்.