மரம் பழசுதான், சித்திரம்?

பழைய கதவு, தூண் வாங்குபவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "மரம் பழசா?" என்பதுதான். பெரும்பாலும் பழசாகத்தான் இருக்கும். இடித்த வீடுகளிலிருந்து வேலைப்பாடு இல்லாத உத்தரமும் பலகையும் நிறையவே கிடைக்கின்றன. அவற்றில் இன்று சித்திரம் செதுக்கி, சாயம் பூசி விற்பதுதான் நான் அதிகம் பார்க்கும் ஏமாற்று.

ஒருவர் 150 வருடப் பழசு என்று நம்பி வாங்கிய இரட்டைக் கதவைக் காட்டினார். தேக்குதான். கீழ்ச்சட்டம் கூட நன்றாகத் தேய்ந்திருந்தது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது, ஓரத்துக் கொடியில் ஓர் இலையின் மேல் ஊசியால் கீறியது போல நீளமாக ஒரு பள்ளம் தெரிந்தது. அது பூச்சி அரித்த வழி. பூச்சி மரத்துக்குள்ளேயே குடைந்துகொண்டு போகும். வெளியே வரும் இடத்தில் மட்டும் சின்ன வட்டத் துளை இருக்கும். உள்ளே போன வழி நீளவாக்கில் திறந்து கிடக்கிறது என்றால், பூச்சி அரித்த பிறகு அங்கே உளி பட்டிருக்கிறது. (தேக்கின் வைரத்தை, அதாவது உள்பக்கக் கெட்டி மரத்தை, இந்தப் பூச்சி லேசில் தொடாது, ஓரத்து வெளிர் மரத்தில்தான் அரிக்கும். வைரம் முழுக்க ஒரே அளவில் துளைகள் இருந்தால் டிரில்லைச் சந்தேகப்படுங்கள்.)

அது ஒன்றை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டேன். நடுவில் ஒரு பழைய துளையைக் கட்டையால் அடைத்திருந்தார்கள். பூவின் இதழ் அந்த அடைப்பின் மேலும் தடையில்லாமல் ஓடியது. அப்புறம் ஆணித் துளை. இரும்பு பட்டால் தேக்கு கறுக்கும். துளைக்குள் கறுப்பு இருந்தது, அதைச் சுற்றிச் செதுக்கிய பள்ளத்தில் சாயத்தைத் துடைத்தால் வெளிர் நிறம்தான். கறை படிந்த மேல்பகுதி சீவப்பட்டு விட்டது.

அதே வீட்டுத் தூண் ஒன்றையும் அளந்தேன். மரம் காயும்போது வளர்ச்சி வளையங்களின் போக்கில், அவற்றுக்குக் குறுக்கே சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும். அதனால் ஈரம் முழுதும் காயாமல் கடைந்த தூண், காலப்போக்கில் லேசாக நீள்வட்டமாகிவிடும். காலிப்பரை ஒரே உயரத்தில் சுற்றி வைத்தால், 250 மி.மீ. தூணில் இரண்டு மூன்று மி.மீ. வித்தியாசம் தெரியலாம். இந்தத் தூணில் துளியும் இல்லை. ஆனாலும் அதைப் புதுசு என்று சொல்லவில்லை. நன்றாகக் காய்ந்த கட்டையைக் கடைந்திருந்தாலும், மரத்தின் நடுத்தண்டு தூணின் மையத்தில் இருந்தாலும் வட்டம் அப்படியே நிற்கும். நடுத்தண்டு உள்ள தூண், வெடிப்பு விட்டுத்தான் சுருக்கத்தைக் காட்டும்.

"கார்பன் சோதனை செய்து பார்க்கலாமா?" என்று கேட்டார். அது மரம் வளர்ந்த காலத்தைச் சொல்லுமே தவிர, உளி பட்ட காலத்தைச் சொல்லாது. 1650க்குப் பிந்திய மரம் என்றால் அந்தக் காலத்தையும் துல்லியமாகப் பிரித்துச் சொல்வது கடினம். சரி, எழுதிக் கொடுங்கள் என்றார். "கதவு: மரம் பழையது, செதுக்கல் புதியது. தூண்: முடிவு சொல்ல இயலவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன்.